யாருக்குத் தெரியாது

அந்த வருடம் சட்டக் கல்லூரியில் எங்களுக்கு யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டம் படிப்பித்த விரிவுரையாளர் என்னைவிட இளையவர். காலையில் புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்குகளுக்குத் தோன்றிவிட்டு, கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி இரண்டரை மணிக்கு வகுப்புக்குள் நுழைவார். கதிரையில் இருந்து படிப்பித்ததை நான் ஒருநாளும் காணவில்லை. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தமிழ் மொழிமூல வகுப்பில் மற்ற எல்லோருக்கும் இருபது, இருபத்தொன்று. அவர்கள் என்னை அக்கா என்றார்கள். இடைவேளையில் கூட்டமாகச் சந்துக்குள் இருந்த சாப்பாட்டுக் கடைக்குப் பிளேன்ரீ குடிக்கப் போவார்கள். முதல் மாதம் என்னையும் கூப்பிட்டார்கள். நான் வேலை இருக்கிறதென்று சொல்லிச் சொல்லியே அவர்களைக் கூப்பிடாமல் பண்ணிவிட்டேன்.

கணவர் எங்கே என்று கேட்டவர்களுக்கு ஜெர்மனி என்று சொல்லியிருந்தேன். அவர் ஜெர்மனிக்கென்றுதான் புறப்பட்டார். ஏஜென்சிக்காரன் மொஸ்கோ வழியாகக் கொண்டுபோனான். மொஸ்கோவிலிருந்து மூன்று வரியில் ஒரு தபாலட்டை வந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு தொலைபேசி அழைப்பு. இரண்டு கிழமையில் திரும்ப எடுக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு நாலு வருடம் ஒன்றுமில்லை.

அழைப்பு வந்தால் எடுப்பதற்காகத்தான் நான் யாழ்ப்பாணத்தில் பார்த்த ஆசிரிய வேலையை விட்டுக் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் பின்பக்க அறை. முன்கூடத்தில் தொலைபேசி. அதன் இலக்கத்தை அவருடைய ஆட்களிடம் கொடுத்துவைத்தேன். முதல் இரண்டு வருடம் அது அடிக்கிற ஒவ்வொரு முறையும் எழும்பிக் கதவடிக்குப் போய் நிற்பேன். எழும்பாமல் இருக்கப் பழகிய பிறகுதான் சட்டப் படிப்பின் நுழைவுப் பரீட்சைக்கு விண்ணப்பித்தேன்.

இரண்டாம் தவணையில் விரிவுரையாளர் ஆளுக்கொரு தீர்ப்பைப் பிரித்துக் கொடுத்து வழக்குச் சுருக்கம் எழுதிவரச் சொன்னார். புல்ஸ்கேப் தாளில் இரண்டு பக்கம், அதற்கு மேல் ஒரு வரியும் கூடாது. நான்கு தலைப்புகள். முதலாவது நிகழ்வுகள்: யார், யாருக்கு எதிராக, என்ன நடந்தது, கீழ் நீதிமன்றம் என்ன சொன்னது. இரண்டாவது எழுவினா: மேல் நீதிமன்றம் விடை காணவேண்டியிருந்த சட்டக் கேள்வி. மூன்றாவது தீர்ப்பு, அதாவது அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் கொடுத்த விடை. நாலாவது காரணங்கள். தீர்ப்பறிக்கையில் தீர்ப்புக்கு மேலே அச்சிட்டிருக்கும் தலைக்குறிப்பைப் பார்த்து எழுதவேண்டாம் என்றும் சொன்னார். அது பதிப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியதல்ல, சில இடங்களில் பிழையாகவும் இருக்கும் என்றார்.

எனக்கு வந்தது வெள்ளைக்காரன் காலத்துத் தீர்ப்பு. நூலகத்தில் அந்தத் தொகுதியை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். மூன்று பின்னேரங்கள் அங்கேயே இருந்து ஆங்கிலத்தில் வாசித்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண். கணவன் வேலை தேடி மலாயாவுக்குப் போனான். சில வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. அவளுக்குச் சீதனமாக வந்த காணியை விற்கவேண்டிய தேவை வந்தது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன்னுடைய சொந்தக் காணியையே கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கமுடியாது. ஆனால் கணவன் அவளைக் கைவிட்டிருந்தால், அல்லது அவனுடைய வசிப்பிடம் தெரியாதிருந்தால், இப்படி இன்னும் சில காரணங்களுக்காக, மாவட்ட நீதிமன்றத்திடம் அந்தச் சம்மதம் தேவையில்லையென்று கட்டளை கேட்கலாம். அவள் கேட்டாள். கணவனின் சகோதரன் எதிர்த்து வந்தான். அண்ணன் உயிரோடு இருக்கிறான், எனக்குக் கடிதம் எழுதுகிறான், இடம் எனக்குத் தெரியும் என்றான். மாவட்ட நீதிபதி அதைக் கேட்டு அவளுடைய மனுவைத் தள்ளிவிட்டார். அவள் மேன்முறையீடு செய்தாள்.

வாசித்து முடித்த மறுநாள் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். நிகழ்வுகள் மட்டும் ஒன்றரைப் பக்கம் வந்தது. மற்ற மூன்று தலைப்புகளையும் மிச்ச அரைப் பக்கத்துக்குள் நெருக்கி எழுதி ஒப்படைத்தேன்.

அடுத்த கிழமை அது சிவப்பு மையோடு திரும்பி வந்தது. "அவள் ஒவ்வொரு நாளும் தபால்காரனுக்காக வாசல் படலையில் காத்திருந்தாள்" என்று நான் எழுதிய வரியின் கீழ் கோடு போட்டு, "தீர்ப்பில் எத்தனையாம் பக்கம்?" என்று கேட்டிருந்தார். அப்படி ஒரு வரி தீர்ப்பில் இல்லை. நான் எப்போது அதைச் சேர்த்தேன் என்று எனக்கே நினைவில்லை. எழுவினாவின் கீழ், "கணவனின் வசிப்பிடம் தெரியாதிருத்தல்" என்று எழுதியிருந்தேன். அதற்குப் பக்கத்தில், "இது தலைப்பு, கேள்வியல்ல. ஓம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடியதாக எழுதவும்" என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரே சொல்: "யாருக்கு?"

வகுப்பு முடிந்ததும் அவரிடம் போனேன். அவர் பையைப் பூட்டிக்கொண்டே கதைத்தார். ஒவ்வொரு நிகழ்வையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், எடுத்தால் முடிவு மாறுமா என்று கேளுங்கள், மாறாவிட்டால் அது தேவையில்லை என்றார். பிறகு என் தாளைத் தட்டிக் காட்டினார்.

"தேவையில்லாததை எல்லாம் எழுதியிருக்கிறீங்கள். தேவையான ஒண்டை விட்டிட்டீங்கள். அவ விசாரிச்சவவோ இல்லையோ? அதை நீதிபதி ரெண்டு பந்தியில சொல்லியிருக்கிறார்."

திருத்தி எழுதி அடுத்த கிழமை தரலாம் என்றார்.

அன்று நான் நூலகத்தில் திரும்பவும் இருந்தேன். ஆங்கிலத்தில் அந்த விதி 'வசிப்பிடம் தெரியப்படாததாக இருந்தால்' என்கிற மாதிரித்தான் இருந்தது, ஆளில்லாமல். ஆங்கிலத்தில் அது அப்படியே நிற்கும். தமிழில் 'தெரியாது' என்று எழுதினால் எனக்கா, உனக்கா, அவளுக்கா என்று அந்தச் சொல் ஓர் ஆளைக் கேட்கும். மேன்முறையீட்டு நீதிபதிகள் முன்னால் இருந்த கேள்வியும் அதுதான். மனைவிக்குத் தெரியாமல் இருந்தால் போதுமா, உலகத்தில் ஒருவருக்குமே தெரியாமல் இருக்கவேண்டுமா? விளங்கிக்கொள்வதற்காக ஒரு தாளில் படம் வரைந்தேன். மனைவிக்கு ம, கணவனுக்கு க, சகோதரனுக்கு ச. க-விலிருந்து ச-வுக்கு ஓர் அம்பு. ச-விலிருந்து ம-வுக்கு ஓர் அம்பு, அதன் மேல் ஒரு வெட்டு. கடலுக்கு ஒரு வளைந்த கோடு.

அந்தத் தாளோடுதான் வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கினேன். காலையில் எங்கோ குண்டு வெடித்திருந்தது. காலி வீதியில் புதிதாக ஒரு சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். பெண் பொலிஸ் பையைக் கிளறி அந்தத் தாளை எடுத்தாள். அம்புகளையும் வளைந்த கோட்டையும் பார்த்தாள். பக்கத்தில் நின்றவனிடம் காட்டினாள். என்னுடைய சிங்களம் கடையில் பாண் வாங்கப் போதுமானது, எழுவினா விளங்கப்படுத்தப் போதாது. பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் மர வாங்கில் இருத்தினார்கள். பக்கத்தில் என்னைப்போலவே கொண்டுவரப்பட்ட ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். கண்ணாடி போட்ட ஓர் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். தாளைப் பார்த்தார், என்னுடைய மாணவர் அட்டையைப் பார்த்தார், பையில் கிடந்த சட்டக் குறிப்புகளைப் பார்த்தார். இது வழக்குச் சுருக்கமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஓம் என்றேன். தானும் ஒருகாலத்தில் பதவி உயர்வுப் பரீட்சைக்கு இப்படி எழுதினதாகச் சொன்னார். முகத்தில் சிரிப்பு வரவில்லை, ஆனால் குரல் தணிந்திருந்தது. பிறகு பதிவுப் புத்தகத்தைத் திறந்து கேள்விகளைத் தொடங்கினார். பெயர், ஊர், தங்குமிடம். கணவர் எங்கே?

ஜெர்மனி என்று சொல்ல வாயெடுத்தேன். முன்னால் அந்தப் படம் கிடந்தது.

தெரியாது என்று சொன்னேன். நாலு வருடத்தில் அதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் பேனையை நிறுத்தவில்லை. அப்படியானால் கொழும்பில் அவருடைய ஆட்கள் யார் என்று கேட்டார். கொட்டாஞ்சேனையில் அவருடைய அண்ணன் இருக்கிறார் என்றேன். விலாசத்தை எழுதிக்கொண்டே, கணவர் இருக்கிற இடம் அவருக்குத் தெரியுமா என்று கேட்டார். அவர் அதைச் சந்தேகத்தோடு கேட்கவில்லை. படிவத்தில் அந்த இடத்தை நிரப்பவேண்டியிருந்ததால் கேட்டார். கேட்டதில்லை என்றேன். அவர் தலையை நிமிர்த்தி ஒருதரம் பார்த்துவிட்டு, தாளை மடித்துத் தந்து போகச் சொன்னார்.

அறைக்கு வந்து கட்டிலில் இருந்தேன். நான் கேட்டதில்லையா? ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். ஒவ்வொரு முறையும் அவருடைய அண்ணனிடம், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவரிடம், கேட்கிறேன். கேட்பது, "கடிதம் ஏதும் வந்ததோ அத்தான்?" அவர் சொல்வது, "உனக்கு ஒண்டும் வரேல்லை." இப்படியே நாற்பது தடவைக்கு மேல் நடந்திருக்கும். 'உனக்கு' என்ற சொல் என் காதில் விழுந்திருந்தது, அதற்கு மேல் கேட்காமல் விட்டிருந்தேன்.

முதலாம் ஞாயிறு வரப் பத்து நாள் இருந்தது. நான் அதற்கு முந்திய ஞாயிறே போனேன்.

அவர்களுடைய வீடு கோயில் மணி கேட்கும் தூரத்தில் ஒரு மாடி. அத்தான் துறைமுகத்துக் கப்பல் கந்தோர் ஒன்றில் கிளார்க். பின்னேரம் நாலு மணி. அவர் சாரத்தோடு கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் நாள் முந்தி வந்தாய் என்று இருவரும் கேட்கவில்லை. நானும் ஒரு கதிரையில் இருந்தேன். வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்கவில்லை.

"அத்தான், அவர் எங்க இருக்கிறார் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் பேப்பரை மடித்தார். மடித்த பேப்பரை இன்னொருதரம் மடித்தார். குசினியில் கேத்தலை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா கதவடிக்கு வந்து நின்றார்.

"தெரியும் பிள்ளை," என்றார். "ரெண்டு வருசமாத் தெரியும்."

பிரான்ஸில் இருக்கிறார். பாரிசுக்கு வெளியே ஓர் ஊர். கடிதங்கள் அத்தானுடைய கந்தோர் விலாசத்துக்கு வருகின்றன. அங்கே ஒரு பெண்ணோடு இருக்கிறார், ஒரு குழந்தையும் பிறந்திருக்கிறது. எல்லாவற்றையும் அக்காதான் சொன்னார். நின்றபடியே, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார். அத்தான் என்னைப் பார்க்கவில்லை.

"நான் உனக்குப் பொய் சொல்லேல்லை," என்றார் கடைசியில். "கடிதம் வந்ததோ எண்டு கேட்டாய். உனக்கு வரேல்லைத்தானே. எங்க எண்டு நீ ஒருநாளும் கேக்கேல்லை."

அக்கா அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அத்தான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் அப்போது வரவில்லை, அது பல மாதம் கழித்து வந்தது. விலாசத்தைத் தரச் சொன்னேன். அக்கா கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினார். பிரெஞ்சுச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினார். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போ என்றார். குடித்தேன். கீழே இறங்கி பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தபோது, கோயிலுக்குப் போகிற சனம் எனக்கு எதிராக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் விலகி விலகி வழி விட்டுக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் விடுமுறை. வீட்டுக்காரர்கள் நுகேகொடையில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வீடு முழுக்க ஒரு சத்தமில்லை. காலையில் மேசையில் இருந்து சுருக்கத்தைத் திருத்தத் தொடங்கினேன்.

நிகழ்வுகள் ஒன்பது வரியில் அடங்கின. படலை போனது, தபால்காரன் போனான். அவள் காணியை ஏன் விற்க நினைத்தாள் என்பதையும் எடுத்துப் பார்த்தேன். அது இல்லாவிட்டாலும் முடிவு மாறாது, எடுத்துவிட்டேன். முதல் பிரதியில் நான் விட்ட நிகழ்வை இப்போது சேர்த்தேன்: மனைவி கணவனின் சகோதரனிடம் இரண்டு தடவை விலாசம் கேட்டாள், அவன் கொடுக்கவில்லை. தீர்ப்பில் அந்தப் பந்திகளை நான் மூன்று பின்னேரமும் வாசித்திருந்தேன். எழுதும்போது மட்டும் எப்படித் தவறிப்போனது என்று நான் அதிகம் யோசிக்க விரும்பவில்லை. தீர்ப்பில் இருந்த அந்தப் பெண் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் சரியான கேள்வியைக் கேட்டிருந்தாள்.

எழுவினாவை இப்படி எழுதினேன்: கணவனின் வசிப்பிடம் மூன்றாம் ஆள் ஒருவருக்குத் தெரிந்திருந்தும், நியாயமான அளவு விசாரித்த பின்னும் மனைவிக்குத் தெரியாதிருந்தால், சட்டத்தின் நோக்கத்துக்கு அது தெரியாத வசிப்பிடமாகுமா? தீர்ப்பு: ஆகும். மேன்முறையீடு அனுமதிக்கப்பட்டது என்று மட்டும் எழுதினால் அது முடிவே தவிர, கேள்விக்கு விடையல்ல என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார், ஆகையால் இரண்டையும் எழுதினேன். காரணங்கள் மூன்று. சட்டம் கைவிடுதலையும் வசிப்பிடம் தெரியாமையையும் 'அல்லது' என்ற சொல்லால் பிரித்து வைத்திருக்கிறது, ஆகவே கணவன் கைவிட்டான் என்று மனைவி நிரூபிக்கத் தேவையில்லை. இந்த விதி கணவனைத் தண்டிக்க வந்ததல்ல, மனைவி கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டி வராமல் காக்க வந்தது. தெரிந்த விலாசத்தை மறைத்தவன் அந்த மறைப்பையே அவளுக்கு எதிரான வாதமாக வைக்கமுடியாது. கடைசியில் நீதிபதி, கணவன் என்றாவது திரும்பி வருவான் என்று நம்புவதாக ஒரு வரி எழுதியிருந்தார். முடிவுக்குத் தேவையில்லாத பேச்சு. அதைச் சுருக்கத்தில் சேர்க்கவில்லை.

ஒன்றேகால் பக்கம் வந்தது. வாசித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் தெரியவில்லை. வெளியே போய் யாரிடமாவது ஏதாவது கதைக்கவேண்டும் போலிருந்தது. ஒழுங்கை முனைக் கடையில் தீப்பெட்டி வாங்கினேன். கடைக்காரர் சிங்களத்தில் வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். ஓம், சரியான வெயில் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அன்றைக்கு நான் கதைத்தது அவ்வளவும்தான்.

அடுத்த வகுப்பில் விரிவுரையாளர் என்னுடைய சுருக்கத்தை, யாருடையது என்று சொல்லாமல், மாதிரியாக வாசித்துக் காட்டினார். பிறகு வகுப்பைப் பார்த்துக் கேட்டார். வழக்கு நடக்கும்போதே மனைவிக்கு விலாசம் தெரியவந்திருந்தால் என்ன நடக்கும்? முன்வரிசைப் பையன், தீர்ப்பு மாறாது என்றான். இன்னொரு பிள்ளை, மனு தோற்கும் என்றாள். என் கை உயர்ந்தது. அந்த வகுப்பில் நான் வாய் திறந்தது அதுவரை இல்லை.

"அந்தக் காரணத்தில கேக்க ஏலாது," என்றேன். "இடம் தெரிஞ்சிட்டுது. ஆனா அவர் விட்டிட்டுப் போனவர் எண்டு காட்ட ஏலுமெண்டால், கைவிட்டது எண்ட மற்றக் காரணத்தில கேக்கலாம். அதுக்கு வேற சாட்சியம் வேணும்."

"என்ன சாட்சியம்?" என்றார்.

"அவருக்கு எழுதிக் கேட்டிருக்கவேணும். அவர் பதில் போடாமல் விட்டதைக் காட்டவேணும்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தீர்ப்புக்குப் போனார்.

அந்தக் கிழமையே பிரான்ஸ் விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். நான்கு வரி. நான் இருக்கிறேன், இன்ன விலாசத்தில் இருக்கிறேன், நீங்கள் வருகிறீர்களா, அல்லது என்னைக் கூப்பிடுகிறீர்களா. ஒன்றரை மாதம் கழித்து, கடிதம் கிடைத்ததற்கான ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதில் அவருடைய கையெழுத்து. கடைசி எழுத்தை மேலே சுழித்து இழுக்கிற அதே கையெழுத்து. உயிரோடு இருக்கிறார் என்பதை நான் என் கண்ணால் கண்டது அப்படித்தான். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினேன், அதற்கும் அட்டை மட்டும் வந்தது. பின்னாளில் விவாகரத்து வழக்கில் அந்த இரண்டு அட்டைகளையும் சான்றாக அடையாளமிட்டார்கள். எதிராளி தோன்றவில்லை. விசாரணை இருபது நிமிடம் எடுத்தது.

நான் அதற்குப் பிறகும் அந்த அறையில்தான் இருந்தேன். கொட்டாஞ்சேனைக்கு மட்டும் போகவில்லை. பரீட்சைகளைப் பாஸ் பண்ணி, கந்தோரொன்றில் பயிற்சி முடித்து, சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் எடுத்த நாளில் மற்றவர்களுக்குத் தாய் தகப்பன், அண்ணன் தம்பி என்று வந்திருந்தார்கள். சண்டையால் பாதை மூடியிருந்தது, யாழ்ப்பாணத்திலிருந்து என் ஆட்கள் வர வழியில்லை. நான் கொட்டாஞ்சேனை அக்காவைக் கூப்பிட்டிருந்தேன். வருவாரென்று நினைக்கவில்லை. வந்தார், தனியாக, கலியாண வீட்டுச் சேலையோடு. அத்தானுக்குச் சொல்லாமல் வந்தாரா என்று நான் கேட்கவில்லை.

முடிந்ததும் இருவரும் புதுக்கடையில் ஒரு சின்னக் கடையில் சோறு சாப்பிட்டோம். மீன்குழம்பு உறைப்பு என்றார். கறுப்புச் சேலை உனக்கு வடிவாயிருக்கு என்றார். பிரான்ஸைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. பஸ் தரிப்பிடத்தில் அவருடைய பஸ்தான் முதலில் வந்தது. ஏறி இடம் பிடித்து யன்னலால் எட்டிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வா என்றார்.

போகலாமா விடலாமா என்று வெள்ளவத்தை வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன்.